பொய் சொன்னாரா, போய்ச் சொன்னாரா?

'பொய் சொன்னார்', 'போய்ச் சொன்னார்' என்னும் இரு தொடர்களும் பொருளால் வெகுதொலைவு விலகி நிற்பவை. முன்னது ஒருவரின் நேர்மையை மறுக்கிறது. பின்னது அவர் ஓரிடத்துக்குச் சென்று ஒரு செய்தியைத் தெரிவித்தார் என்று மட்டும் கூறுகிறது. ஒலியால் அவற்றைப் பிரிப்பது ஏறத்தாழ ஒரு மாத்திரைதான். பகரத்தை அடுத்த உயிர் ஒரு மாத்திரை ஒலித்தால் குறில். இரண்டு மாத்திரை ஒலித்தால் நெடில். இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவு கூறுகிறது. யகர ஒற்றுக்கு அரை மாத்திரை சேர்த்தால் 'பொய்' ஒன்றரை மாத்திரை, 'போய்' இரண்டரை மாத்திரை. ஒரு மனிதரைப் பொய்யர் என்று சொல்வதும் சொல்லாதிருப்பதும் இந்த ஓர் இமைப்பொழுதில் அடங்கியிருக்கின்றன.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு இது சிக்கலாகத் தோன்றுவதேயில்லை. மூன்று வயதுக் குழந்தையும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. ஆனால் இந்த வேறுபாடு தமிழ்ச் செவியை விட்டு வெளியேறி, வேறொரு மொழிக்காரரின் செவிக்கும், வேறொரு எழுத்துமுறைக்கும், அங்கிருந்து ஒரு மொழிபெயர்ப்புக்கும் பயணம் செய்யும்போது என்ன ஆகிறது என்பது தனியே நோக்கத்தக்கது. மும்பையில் வாய்மொழி வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மராத்திப் பெண் ஒருவரின் பணியில் அப்படியொரு பயணம் நிகழ்ந்தது.

தாராவியில் குடியேறிய தமிழர்களுள் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவர்கள் உண்டு. அத்தொழிலில் இளமையைக் கழித்த முதியவர்கள் சிலரிடம் அவர் பேச்சுப் பதிவுகள் எடுத்தார். தமிழை அவர் முறையாகக் கற்றிருந்தார்; பேச்சைப் புரிந்துகொள்வார்; சுற்றிவளைத்தாவது பேசவும் செய்வார். ஆயினும் விரைந்து எழுதும்போது அவருடைய கை இயல்பாகத் தேவநாகரியையே நாடியது. பதிவுகளைக் கேட்டுக்கேட்டு முதலில் தேவநாகரியில் எழுதிக்கொள்வது, பின்னர் அந்தப் படியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்ப்பது என்று வேலையை இரண்டு படிகளாக வகுத்துக்கொண்டார். இரண்டாம் படியின்போது ஒலிப்பதிவு மூடப்பட்டிருக்கும். எழுத்துப் படி மட்டுமே கண்முன் இருக்கும்.

ஒரு முதியவர் தம் பட்டறையின் மேஸ்திரியைப் பற்றிச் சொன்னார். கூலி போதாமல் எல்லாரும் திணறிய காலம் அது. பதிவில் உள்ள வாக்கியம் இது: "மேஸ்திரி மொதலாளிகிட்ட போய் சொன்னாரு. அதுக்கப்புறந்தான் கூலி ஏறுச்சு." ஆய்வாளரின் மொழிபெயர்ப்பில், மேஸ்திரி முதலாளியிடம் பொய் சொன்னார் என்றும், அதன் பின்னரே கூலி உயர்ந்தது என்றும் அமைந்தது. அது தடுமாற்றமில்லாத வாக்கியமாகவும் இருந்தது. தொழிலாளிகளுக்காக முதலாளியை ஏமாற்றிய தந்திரசாலி என்று மேஸ்திரிக்கு ஒரு குணச்சித்திரமே அதிலிருந்து உருவாயிற்று. ஆய்வேட்டின் ஓர் இயலில், இடைநிலை மேற்பார்வையாளர்கள் இரு தரப்பாரிடமும் உண்மையை மறைத்தே தம் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டனர் என்னும் வாதத்துக்கு இவ்வாக்கியம் சான்றாகவும் அமர்ந்துவிட்டது.

இவ்வகைப் பிழையை இனங்காண்பது கடினம். பெரும்பாலான செவிப்பிழைகள் பொருளற்ற தொடரை உண்டாக்கித் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடும். 'மழை பேய்கிறது' என்று எழுதப்பட்டிருந்தால் எவரும் நின்று திருத்துவர். 'முதலாளியிடம் பொய் சொன்னார்', 'முதலாளியிடம் போய்ச் சொன்னார்' என்னும் இரண்டுமோ இலக்கணத்தில் நிறைவானவை. உலக வழக்கில் நிகழக்கூடியவை. பின்வரும் வாக்கியத்தோடும் பொருந்துபவை. இரண்டும் ஒரே வேற்றுமை உருபை ஏற்கின்றன. ஒரே வினையில் முடிகின்றன. தொடரின் வேறு எந்த உறுப்பும் பிழையை அறிவிப்பதில்லை.

அவர் செவி ஏன் தவறியது என்பதற்கு விடை மராத்தியின் உயிர் ஒலிகளில் இருக்கிறது. தமிழில் எகரமும் ஏகாரமும் வேறு. ஒகரமும் ஓகாரமும் வேறு. தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றிலும் அவ்வாறே. சமஸ்கிருத இலக்கணத்தில் ஏ, ஓ ஆகியவற்றுக்கு நெடில் மட்டுமே உண்டு. மராத்தியும் இந்தியும் தேவநாகரியில் ஏகாரத்துக்கு ஒன்று, ஓகாரத்துக்கு ஒன்று என்றே எழுத்துக்கொண்டன. மராத்தி பேசுபவர் ஒரு சொல்லின் ஓகாரத்தைச் சற்றுக் குறுக்கியும் மற்றொன்றில் சற்று நீட்டியும் ஒலிக்கலாம். ஆனால் அந்தக் கால வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. பொருளை மாற்றாத வேறுபாட்டைச் செவி கவனிக்காமல் விடப் பழகிக்கொள்கிறது. தமிழர்க்கு ககரத்தின் வல்லொலியும் மெல்லொலியும் ஒரே எழுத்தாகத் தோன்றுவதற்கும் காரணம் இதுவே. எனவே அந்த ஆய்வாளர் 'கல்', 'கால்' ஆகியவற்றைத் தடுமாறாமல் பிரித்தறிந்தார். அகர ஆகாரங்களில் நாவின் நிலையும் வாயின் திறப்பும் கூட வேறுபடுகின்றன, அவர் மொழியிலும் அந்த வேறுபாடு உண்டு. 'பொய்', 'போய்' என்று வந்தபோது கால அளவே முதன்மையான அடையாளமாக எஞ்சியது. அந்த அடையாளத்தைப் பொருட்படுத்த அவர் செவி பழகியிருக்கவில்லை.

உண்மையில் செவி தவறியதைவிட எழுத்து செய்த தீங்கு பெரிது. கேட்டபோது அவருக்கு ஐயம் எழுந்திருக்கலாம். இருமுறை கேட்டும் இருக்கலாம். தேவநாகரியில் எழுதிய கணத்தில் இரண்டு சொற்களும் ஒரே வடிவம் பெற்றன. அந்தப் படியிலிருந்து பின்னோக்கிச் செல்ல வழியில்லை. மொழிபெயர்க்கும் வேளையில் அவர் முன்னிருந்தது இரு சொற்களுக்கும் பொதுவான ஓர் எழுத்துக்கோவை. அண்மையில் 'சொன்னார்' என்னும் வினை நின்றதால், அதனோடு அடிக்கடி சேர்ந்துவரும் பெயரையே மனம் தேர்ந்தது.

ஐயம் எழுப்பியவர் அதே துறையில் பயின்ற தமிழ் மாணவர் ஒருவர். இயலின் வரைவைப் படித்த அவர், மேஸ்திரியைப் பற்றிய பிற பகுதிகளில் முதியவரின் குரலில் மதிப்பு மட்டுமே தென்படுவதைக் கவனித்தார்; பதிவின் அந்த இடத்தைக் கேட்கவேண்டும் என்றார். கேட்டவுடன், "போய் சொன்னாரு" என்றுதான் இருக்கிறது என்று தயங்காமல் சொன்னார். ஆனால் ஒரு செவிக்கு எதிராக மற்றொரு செவி என்று வைத்து ஆய்வேட்டில் ஒரு முடிவை எழுத இயலாது. தாய்மொழிச் செவியும் தான் எதிர்பார்ப்பதைக் கேட்கும் இயல்புடையது. ஆகவே இருவரும் ஒலியை அளந்து பார்க்க முனைந்தனர்.

அளப்பது எளிது போலத் தோன்றும். ஒலிப்பதிவைப் பிராட் போன்ற மென்பொருளில் திறந்து, ஒலியலையிலும் ஒலிநிரல் படத்திலும் உயிரின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்தால் கால அளவு மில்லிசெகண்டில் கிடைத்துவிடும். முதல் இடர் இங்கேயே தொடங்குகிறது. 130 மில்லிசெகண்டு என்று ஓர் அளவு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அது குறிலா, நெடிலா? அந்த எண்ணை மட்டும் கொண்டு விடை கூற இயலாது. நிதானமாகப் பேசுபவரின் குறில், விரைந்து பேசுபவரின் நெடிலுக்கு இணையாக நீளக்கூடும். ஒரே மனிதர் கோபத்தில் பேசும்போது ஒரு வேகம், நினைவுகூரும்போது ஒரு வேகம். தொடரின் இறுதியில் நிற்கும் சொல்லின் உயிர், நடுவில் நிற்பதைவிட இயல்பாகவே நீளும். குறிலுக்கு இத்தனை, நெடிலுக்கு இத்தனை என்று எல்லார்க்கும் பொருந்தும் எல்லைக்கோடு கிடையாது. பழைய இலக்கணம் நொடிக்கணக்கைக் கூறாமல் ஒன்று, இரண்டு என்ற விகிதத்தைக் கூறியது பொருத்தமானதே. மாத்திரை என்பது தாளம் போன்றது. பாடலின் வேகத்துக்கேற்ப அதன் கால அளவு மாறும், விகிதமே நிலைக்கும். கருவி கொண்டு அளப்பவர்கள் காண்பதும் ஏறத்தாழ இதுவே: ஒத்த சூழலில் ஒத்த வேகத்தில் ஒலிக்கும் தமிழ் நெடில், குறிலைப் போலச் சுமார் இரு மடங்கு நீள்கிறது. துல்லியமாக இரு மடங்கு அன்று; பேசுபவர்க்கும் சூழலுக்கும் ஏற்ப அது கூடும், குறையும்.

விகிதத்தை அளக்க ஓர் ஒப்பீட்டுப் பொருள் வேண்டும். நல்வாய்ப்பாக அது அடுத்த சொல்லிலேயே இருந்தது. 'சொன்னாரு' என்பதன் முதல் உயிர் ஐயத்துக்கு இடமில்லாத ஒகரக் குறில். ஒரே மனிதர், ஒரே மூச்சு, ஒரே வேகம். முந்தைய சொல்லின் உயிர் அதற்கு ஒத்த நீளமுடையதா, தெளிவாக அதைவிட நீண்டதா என்று பார்த்தால் போதும் என்று தோன்றியது. பார்த்ததில் முதற்சொல்லின் உயிர் கணிசமாக நீண்டிருந்தது. தமிழ் மாணவர் அத்துடன் நிறுத்த விரும்பினார், ஆய்வாளர் நிறுத்தவில்லை. அவர் எழுப்பிய இரண்டு ஐயங்களும் நியாயமானவை.

முதலாவது, 'சொன்னாரு' என்பதில் உயிரை அடுத்து இரட்டை னகரம் வருகிறது. இரட்டை மெய்க்கு முன் உயிர் சற்றுக் குறுகலாம். அவ்வாறாயின் ஒப்பீட்டின் ஒரு பக்கம் இயல்பைவிடச் சிறியது. அதற்கு முன் எந்த உயிரும் நெடிதாகத் தோன்றும். இரண்டாவது, 'பொய்', 'போய்' ஆகிய இரண்டிலும் உயிரை அடுத்து யகரம் வருகிறது. பகரம், டகரம் போன்றவற்றின் முன் உயிர் முடியும் இடம் ஒலியலையில் வெட்டினாற்போலத் தெரியும். காற்று அடைபடும், அலை தணியும். யகரமோ உயிரைப் போன்றே ஒலிப்பது. ஒகரத்திலிருந்து நா மெல்ல முன்னேறி யகரத்தை அடைகிறது. ஒலிநிரலில் அது ஒரு சாய்கோடாகத் தெரியுமேயன்றி எல்லைக்கோடாகத் தெரியாது. ஒருவர் எல்லையை முன்னே குறிப்பார், மற்றொருவர் பின்னே குறிப்பார். உயிரின் நீளத்தையே பொருளாகக் கொண்ட ஆய்வில் உயிர் எங்கே முடிகிறது என்பது குறிப்பவரின் கையில் இருந்தால், விரும்பிய விடையை அவர் பெற்றுக்கொள்ளலாம்.

இந்த இரண்டாவது இடருக்கு ஒரு மாற்று வழி உண்டு. உயிரைத் தனியே பிரிக்க முயலாமல், பகரம் வெடிக்கும் இடத்திலிருந்து சகரத்தின் இரைச்சல் தொடங்கும் இடம்வரை முழு அசையையும் அளப்பது. அந்த இரு எல்லைகளும் ஐயமின்றித் தெரிபவை. பின்னர் அதே முதியவர் அதே பதிவில் ஐயத்துக்கு இடமின்றி 'பொய்' என்றும் 'போய்' என்றும் சொன்ன பிற இடங்களைத் தேடி, அவற்றின் முழு அசையையும் அளந்து ஒப்பிடுவது. அவர்கள் இரண்டு மணி நேரப் பதிவை முழுவதும் கேட்டனர். 'போய்' பல இடங்களில் வந்தது. சில இடங்களில் 'போயி' என்று இகரம் ஏற்றும் வந்தது. 'பொய்' ஒரே ஓரிடத்தில்தான் வந்தது. அதுவும் தொடரின் இறுதியில், நீட்டி ஒலிக்கும் இடத்தில். அளவீடு அவர்களை 'போய்' என்னும் பக்கம் சாய்த்தது. ஆனால் ஒரே ஒரு மறுதலைச் சான்றை வைத்துக்கொண்டு அது முடிவானது என்று கூற இயலவில்லை.

இங்கேதான் ஒலியளவைவிட இலக்கணம் கூர்மையான கருவியாக உதவியது. குறில் நெடில் வேறுபாடு தமிழில் தான் நிற்கும் உயிரோடு முடிந்துவிடுவதில்லை. அச்சொல்லின் பிற பகுதிகளிலும் தன் சுவட்டைப் பதிக்கிறது. தனிக்குறிலை அடுத்து ஒற்று நின்று, அதன்பின் உயிர் வந்தால் அந்த ஒற்று இரட்டிக்கும். நெடிலை அடுத்த ஒற்று இரட்டாது. 'கல்' என்பதோடு ஐ சேர்ந்தால் 'கல்லை'. 'கால்' என்பதோடு சேர்ந்தால் 'காலை'. 'பொன்னை' என்கிறோம், 'மீனை' என்கிறோம். இது நூலில் மட்டும் வாழும் விதியன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர் பேச்சிலும் தவறாமல் நிகழ்வது. ஆகவே 'பொய்' என்பதோடு வினா ஆகாரம் சேர்ந்தால் 'பொய்யா'. 'போய்' என்பதோடு சேர்ந்தால் 'போயா'. முன்னர் உயிரின் ஒரு மாத்திரையில் மட்டும் இருந்த வேறுபாடு இப்போது யகரத்தின் இரட்டிப்பிலும் தெரிகிறது. ஒகர ஓகாரங்களைப் பிரிக்கத் தெரியாத செவிக்கும் ஒற்றை யகரமும் இரட்டை யகரமும் வேறாகக் கேட்கும்.

வல்லெழுத்து மிகுதலும் இத்தகைய ஒரு சுவடாக உதவியிருக்கலாம். 'போய்' என்னும் வினையெச்சத்தின் பின் சகரம் மிகும். மிகுந்த சகரம் நாவை அண்ணத்தில் ஒட்டவைத்து வல்லென்று ஒலிக்கும். 'பொய் சொன்னார்' என்பதில் அது மிகாமல் இரைச்சலொலியாகவே நிற்கும். மேடைப் பேச்சிலோ செய்தி வாசிப்பிலோ இது ஒன்றே போதுமானது. அன்றாடப் பேச்சில் பலர் இந்த மிகுதியை விட்டுவிடுகின்றனர், முதியவரும் விட்டிருந்தார். மிகுந்திருந்தால் 'போய்' என்பது உறுதி. மிகாமையால் எதுவும் உறுதியாகாது. ஒரு சான்று எந்தத் திசையில் மட்டும் செல்லும் என்பதைக் கவனிக்காமல் பயன்படுத்துவது, சான்றே இல்லாமல் எழுதுவதைவிடக் கெடுதலானது.

ஆகவே ஆய்வாளர் மீண்டும் தாராவிக்குச் சென்றார். பதிவின் அந்தப் பகுதியை முதியவருக்கு ஒலிக்கச்செய்துவிட்டு, பயிற்சி செய்துகொண்டு போயிருந்த வினாவைக் கேட்டார்: "தாத்தா, மேஸ்திரி போயா சொன்னாரு, பொய்யா சொன்னாரு?" முதியவர் சற்று நேரம் அவரையே பார்த்தார். பின்னர், "பொய்யா? அந்த மனுசனுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா. எங்களுக்காக நேரா போயில்ல சொன்னாரு. சொன்னதுக்கு அவரு வேலைதான் போச்சு" என்றார். கூலி உயர்ந்த கதையின் மறுபாதி அது. முதல் பதிவின்போது அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை, எவரும் கேட்டிருக்கவில்லை. விடையில் 'போயில்ல' என்று வந்ததில் யகரம் ஒற்றையாகவே நின்றதை ஆய்வாளர் குறித்துக்கொண்டார். 'பொய்' என்றிருந்தால் அது 'பொய்யில்ல' என்று இரட்டித்திருக்கும்.

இயலில் அந்த வாதத்தின் கீழிருந்து ஒரு சான்று விலகியது. விலகியதோடன்றி எதிர்ப்பக்கம் போய் நின்றது. தொழிலாளிகளின் சார்பில் பேசி வேலையிழந்த ஒருவரை, இரு தரப்பாரையும் ஏமாற்றியவர்களுக்கு எடுத்துக்காட்டாக அச்சிட்டிருந்தால், அதைத் திருத்தும் நிலையில் அவரும் இல்லை. ஆங்கிலத்தில் அதைப் படித்துப் பார்க்கும் நிலையில் முதியவரும் இல்லை.

தேவநாகரியின் இந்தக் குறையைக் கண்டு தமிழ் வாசகர் புன்னகைக்க வேண்டியதில்லை. நம் எழுத்தும் நெடுங்காலம் இதே இடரில் இருந்தது. வடபுலத்துப் பிராமி எழுத்தில் எகர ஒகரக் குறில்களுக்கு வடிவம் இல்லை. தமிழ் அக்குறையை நீக்கப் புள்ளியைப் பயன்படுத்தியது: மெய்யெழுத்துகளைப் போலவே எகரமும் ஒகரமும் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதிக்கிறது, நன்னூலும் அவ்வழியைக் கூறுகிறது. புள்ளி இருந்தால் குறில், இல்லாவிட்டால் நெடில். விதி தெளிவானது. ஆனால் கல்லில் வெட்டியவர்களும் ஓலையில் எழுதியவர்களும் பெரும்பாலும் புள்ளியை இடவில்லை. ஓலையில் எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்தலாகும். அதன் விளைவாக ஏட்டில் 'பொய்', 'போய்' இரண்டும் ஒரே வடிவில் நின்றன. போதாக்குறைக்குக் கால் எனப்படும் துணை எழுத்தும் ரகரமும் ஒன்றுபோலவே எழுதப்பட்டன. எனவே ஏட்டில் கொம்பு, பகரம், கால், யகரம் என்னும் நான்கு வடிவங்களைக் கண்டவர் அதைப் 'பொய்' என்றோ, 'போய்' என்றோ, அங்கே இருப்பது கால் அன்று ரகரம் என்று கொண்டு 'பெரிய' என்பதை எழுதியவர் பிழைத்தார் என்றோ எண்ண இடமிருந்தது. இன்று நாம் எழுதும் ஏகார ஓகார வடிவங்களும் இரட்டைச் சுழிக் கொம்பும் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. அதன்பின் அச்சு அவ்வடிவங்களை நிலைநிறுத்தியது.

அப்படியானால் அதற்கு முந்தைய ஏடுகளைப் படித்தவர்கள் எவ்வாறு படித்தனர்? மும்பையில் அந்த இருவரும் கையாண்ட அதே வழிகளில்தான். இடம் நோக்கினர், புணர்ச்சி நோக்கினர். 'பொய்யா' என்பதில் இரண்டு யகரம் ஏட்டிலும் தெரியும். செய்யுளாயின் அவர்களுக்குக் கூடுதலாக ஒரு கருவி இருந்தது: யாப்பு. 'எடு' என்பது நிரையசை. 'ஏடு' என்பது நேரும் நேருமாகப் பிரியும். ஏட்டில் இரண்டும் ஒரே வடிவில் இருந்தாலும், தளை தட்டுமிடத்தில் எது சரியென்று ஓசை காட்டிவிடும். ஆனால் யாப்புக்கும் ஓர் எல்லை உண்டு. குறிலும் ஒற்றும் சேர்ந்தாலும் நேரசை. நெடிலும் ஒற்றும் சேர்ந்தாலும் நேரசை. 'பொய்', 'போய்' இரண்டும் நேர். 'கொல்', 'கோல்' இரண்டும் நேர். 'பெண்', 'பேண்' இரண்டும் நேர். ஒற்றால் அடைபட்ட அசையில் ஒரு மாத்திரை கூடினாலும் குறைந்தாலும் யாப்பு அதைக் கண்டுகொள்வதில்லை. ஏடுகளைப் பதிப்பித்தவர்கள் இத்தகைய இடங்களில் பாடவேறுபாட்டையும் பொருளையும் மட்டுமே நம்பவேண்டியிருந்தது.

மராத்தி ஆய்வாளர் தம் படிகள் அனைத்தையும் மீண்டும் சரிபார்த்தார். அகரத்தையும் ஆகாரத்தையும் அவர் தொடவில்லை. அங்கே செவியும் எழுத்தும் ஒத்துழைத்திருந்தன. ஏகாரமும் ஓகாரமும் வந்த இடங்களை மட்டும் ஒவ்வொன்றாக ஒலியோடு ஒப்பிட்டார். பெரும்பாலானவற்றில் பொருள் ஒரே பக்கம்தான் சென்றது. 'தேன்' என்று எழுதியது தெற்கைக் குறிக்கும் 'தென்' ஆகுமா என்று எவரும் ஐயுற நேரவில்லை. சில இடங்களில் மறுபடியும் புணர்ச்சியே வழிகாட்டியது. முதியவரின் பேச்சில் 'தேர்' என்பது 'தேரு' என்று ஒலித்தது. 'தெரு' என்பதோடு அது அவர் செவியில் ஒன்றாகவே விழுந்தது. ஆனால் வேற்றுமை ஏற்றபோது ஒன்று 'தேருல' என்றும் மற்றொன்று 'தெருவுல' என்றும் பிரிந்தன. தனிக்குறிலின் பின் நிற்கும் உகரம் முழுமையாக ஒலிக்கும்; எளிதில் கெடாது; 'பசு' என்பது 'பசுவை' ஆவதுபோல வகரத்தை ஏற்றுக்கொள்ளும். நெடிலின் பின் வரும் உகரம் வலுவற்றது. 'காசு' என்பது 'காசை' ஆவதுபோல அடுத்த உயிர் வந்ததும் மறையும். சொல்லின் தொடக்கத்தில் இருக்கும் நீளம் சொல்லின் இறுதியை ஆள்கிறது என்பதை அவர் இலக்கண வகுப்பில் கற்றிருந்தார். அது திருவிழாவைப் பற்றிய ஒரு நினைவில் ஊர்வலம் எங்கே நடந்தது என்பதைத் தீர்மானிக்கும் என்று அப்போது அறிந்திருக்கவில்லை. ('அதை', 'இதை' போன்ற சுட்டுச் சொற்கள் இதற்கு விலக்கு, தனிக்குறிலின் பின் நின்றும் அங்கே உகரம் கெடும்.)

எழுத்துமுறையையும் அவர் மாற்றிக்கொண்டார். தேவநாகரியிலேயே திராவிட மொழிகளின் எகர ஒகரக் குறில்களைக் குறிக்கத் தனி வடிவங்கள் வகுக்கப்பட்டுள்ளன. ஒருங்குறியில் அவை U+090E, U+0912 என்னும் இடங்களிலும், அவற்றின் உயிர்க்குறிகள் U+0946, U+094A என்னும் இடங்களிலும் உள்ளன. மராத்தி விசைப்பலகையில் அவை எளிதில் கைக்கு அகப்படாததால் பலர் பயன்படுத்துவதில்லை. உரோமன் எழுத்தில் பெயர்க்கும்போது வேறொரு பொறி காத்திருந்தது. சமஸ்கிருதப் பெயர்ப்பில் மேற்கோடு இல்லாத e, o ஆகியவை நெடிலைக் குறிக்கும், அங்கே குறில் இல்லையாதலால். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறையில் மேற்கோடு இல்லாதவை குறில். மேற்கோடு உள்ள ē, ō நெடில். ஒரே நூலில் சமஸ்கிருதச் சொற்களும் தமிழ்ச் சொற்களும் கலந்து வந்து, இரண்டு முறைகளும் அறிவிப்பின்றிக் கலந்தால், படிப்பவருக்கு மேற்கோடு இல்லாத ஓர் o எதைக் குறிக்கிறது என்று தெரியாது. அவர் ஆய்வேட்டின் முன்பகுதியில் தாம் கொண்ட முறை எது என்பதை ஒரே வரியில் எழுதிவைத்தார்.

இத்தனைக்குப் பிறகும் ஓரிடம் தீரவில்லை. வேறொரு பதிவில், இப்போது உயிரோடு இல்லாத ஒரு மூதாட்டி தம் அண்ணனைப் பற்றிச் சொல்லும்போது அதே சொற்கள் வருகின்றன. அவ்வேளையில் பட்டறை இயந்திரத்தின் ஓசை குறுக்கிடுகிறது. அளக்க எல்லை தெரியவில்லை, வல்லெழுத்து மிகவில்லை, உயிர் தொடரும் இடமும் அந்தப் பேச்சில் இல்லை, முன்பின் வாக்கியங்கள் இரண்டுக்கும் இடமளிக்கின்றன. ஆய்வாளர் அங்கே இரண்டு பாடங்களையும் அடுத்தடுத்து அச்சிட்டார். 'பொய்' என்பது ஒன்று, 'போய்' என்பது மற்றொன்று. எதையும் முதன்மைப் பாடமாகக் கொள்ளாமல், அவ்வாக்கியத்தின்மேல் எந்த வாதத்தையும் கட்டாமல் விட்டார்.